நான் பயந்த குளிசை ஒன்று, பயந்திருக்க வேண்டியது வேறொன்று

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கற் ரின் இருக்கிறது. 2023 மே மாதத்தில் அதற்குள் இரண்டு குளிசை அட்டைகளைப் போட்டு வைத்தேன். ஒன்று மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் தருகிற செர்ட்ராலின், மற்றது உடனே ஆளை அமைதிப்படுத்துகிற குளோனசெபாம். இரண்டையும் ஒரே டொக்டர் ஒரே துண்டில், ஐந்து நிமிடத்தில் எழுதித் தந்தார். முதலாவதைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு படபடத்தது. இரண்டாவதைப் பார்த்தால் ஆறுதலாக இருந்தது. பயத்தையும் ஆறுதலையும் தலைகீழாக வைத்திருந்தேன் என்பது விளங்க நாலு மாதமும், கிட்டத்தட்ட 65,000 ரூபாவும் போயிற்று. அதைத்தான் எழுதுகிறேன்.

நான் உயர்தர மாணவர்களுக்குக் கணக்கியல் ரியூசன் எடுப்பவன். கொக்குவிலில் வீடு. அப்பா மோசம் போய் ஒரு வருடத்துக்குப் பிறகுதான் எனக்கு இந்த வருத்தம் தொடங்கியது. ஒரு நாள் போர்டில் ஐந்தொகை எழுதிக்கொண்டிருக்கும்போது நெஞ்சை யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி இருந்தது, கைவிரல்கள் விறைத்தன. பிள்ளைகளிடம் "தண்ணி குடிச்சிட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் மாமரத்தடியில் குந்திவிட்டேன். மாரடைப்பு என்றுதான் நினைத்தேன். ஈசிஜி, எக்கோ, தைராய்டு இரத்தப் பரிசோதனை என்று ஒவ்வொன்றாகச் செய்தேன். எல்லாம் சரி என்று வந்தது. சரி என்று வந்த ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் நிம்மதி, மூன்றாம் நாள் வேறொரு பரிசோதனை. 65,000 இல் பெரும்பங்கு அங்கேதான் போனது. அதைச் செய்யக்கூடாது என்று சொல்லமாட்டேன், முதலில் இதயத்தையும் தைராய்டையும் பார்ப்பது முறைதான். ஒரு தடவை பார்த்தால் போதும், நான் மூன்று தடவை பார்த்தேன்.

கடைசியில் இதய டொக்டர்தான் இது பதகளிப்பு, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்றார். தனியார் இடமொன்றில் இரவு எட்டரைக்கு நம்பர் கிடைத்தது. எனக்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். டொக்டர் கேட்டார், எழுதினார், "ரெண்டையும் போடுங்கோ, ஒரு மாதத்தால வாங்கோ" என்றார். எது எதற்கு, எது எத்தனை நாளுக்கு என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இப்போது யாராவது என்னிடம் கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்: துண்டைக் கையில் வாங்கும்போது ஒவ்வொரு குளிசையையும் தொட்டுக் காட்டி, "இது எதற்கு, எத்தனை கிழமைக்கு, எப்படி நிப்பாட்டுறது" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்வியையும் அன்றைக்கே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்குத் தேவை இருந்திராது.

செர்ட்ராலின் 50 மில்லிகிராம், முதல் நாளே முழுக் குளிசை. வெறும் வயிற்றில் போட்டேன். இரண்டாம் நாள் ஓங்காளம், மூன்றாம் நாள் வயிற்றோட்டம். நாலாம் நாள் இரவு நித்திரை வரவில்லை. கால்களை ஓரிடத்தில் வைத்திருக்க முடியவில்லை, பதகளிப்பு முன்பைவிடக் கூடியது. அந்த நேரம் பார்த்து மாமி வந்தா. அப்பாவின் தங்கை, எங்களை வளர்த்த மனுசி, பொய் சொல்லத் தெரியாதவ. ரின்னைத் திறந்து பார்த்துவிட்டு, "தம்பி, இது விசர்க் குளிசையல்லோ. தொடங்கினா விடேலாது. ஆளையே மாத்திப்போடும்" என்றா. அவவுக்குத் தெரிந்த ஒருவர் வருடக்கணக்காகக் குளிசை போட்டு, கதைக்காமல், முகத்தில் ஒரு அசைவுமில்லாமல் விறாந்தையில் இருப்பாராம். அவர் போட்டது வேறு நோய்க்கு வேறு வகை மருந்து என்பது எனக்கு அப்போது தெரியாது. ஆறாம் நாள் செர்ட்ராலினை விட்டுவிட்டேன்.

மற்றக் குளிசையை விடவில்லை. ஏன் விடப்போகிறேன்? குளோனசெபாம் 0.5 மில்லிகிராம் போட்டு அரை மணித்தியாலத்தில், இறுக்கிக் கட்டிய கயிற்றை அவிழ்த்து விட்ட மாதிரி இருக்கும். மாமியும் அதை ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் அதை "நித்திரைக் குளிசை" என்று சொல்லியிருந்தேன். ஊரில் நித்திரைக் குளிசைக்கு மரியாதை உண்டு. பழைய துண்டைக் காட்ட ஒரு பாமசியில் கேள்வி கேட்காமல் தந்தார்கள். அதற்குப் பிறகு துண்டும் தேவைப்படவில்லை. அப்படித் தந்திருக்கக் கூடாது என்று இப்போது தெரியும், அப்போது அவர்களை நல்ல மனுசர் என்று நினைத்தேன்.

ஜூலையில் ஒன்று போதாமல் போய் இரண்டாகியது. இரவு ஒன்று, வகுப்புக்குப் போக முன்னர் ஒன்று. ஆகஸ்டில் வகுப்பில் தேய்மானம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே எந்த முறையில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று மறந்து நின்றேன். பின்வரிசைப் பெட்டைகள் சிரித்தார்கள். மனைவி ஒரு தடவை, "நேற்று இரவு நீங்கள் சொன்னது உங்களுக்கு ஞாபகமே இல்லையோ?" என்று கேட்டா. இல்லை. பிறகு ஒரு நீண்ட லீவு. பாமசி பூட்டு, அட்டை முடிந்துவிட்டது. இரண்டாம் நாள் கை நடுங்கியது, வேர்த்தது, சுவர்க் கடிகாரச் சத்தம் காதுக்குள் அடித்தது. லீவு முடிந்த காலை பாமசி திறக்க முன்னரே வாசலில் மோட்டார்சைக்கிளோடு நின்றேன். எதற்கு அடிமையாகிவிடுவேன் என்று பயந்து ஒரு குளிசையை விட்டேனோ, அந்த அடிமைத்தனத்தை நான் விரும்பிப் போட்ட குளிசை எனக்குக் கொண்டுவந்து தந்திருந்தது.

செப்டம்பரில் அரச மருத்துவமனைக் கிளினிக்குக்குப் போனேன். காசு இல்லை, ஆனால் காலை ஏழு மணிக்கே வரிசை. தெரிந்தவர் யாரும் கண்டுவிடுவார்களோ என்று தொப்பி போட்டுக்கொண்டு போனேன். அங்கே எனக்கு முன்னால் இருந்தவர் என் பழைய மாணவன் ஒருவனின் தகப்பன், அவரும் தொப்பி. இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம், அவ்வளவுதான். டொக்டர் அம்மா நான் சொன்னதைக் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு வட்டம் கீறினா.

முதல் வட்டத்தில் குளோனசெபாம். "இது மூளைக்கு பிரேக் பிடிக்கிற மருந்து. உடனே பிடிக்கும். ஆனா கொஞ்ச நாளில மூளை இந்த பிரேக்குக்குப் பழகி, தன்ர பிரேக்கைத் தளர்த்திப் போடும். அதனாலதான் கூடக் கூடப் போட வேண்டி வந்தது, நிப்பாட்டினா நடுங்குது. செர்ட்ராலின் வேலை செய்யத் தொடங்கும் வரைக்கும் ரெண்டு, மூன்று கிழமைக்கு ஒரு ஊன்றுகோல் மாதிரிக் குடுக்கிறது." இரண்டாவது வட்டத்தில் செர்ட்ராலின். அது போட்டவுடன் ஒரு சுகமும் தராது. நரம்புகளுக்கிடையே செரோட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை அது அன்றைக்கே தடுக்கத் தொடங்கிவிடும், ஆனால் மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளக் கிழமைக்கணக்கு எடுக்கும். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டா. "செர்ட்ராலினை ஆறு நாள் போட்டீங்கள். விட்ட பிறகு ஒரு நாளாவது அது வேணும் எண்டு மனம் தேடிச்சுதோ?" இல்லை. "மற்றதை?" நான் பாமசி வாசலில் நின்ற கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு அவ அடிமைத்தனத்தைப் பற்றி விளக்கத் தேவைப்படவில்லை.

குளோனசெபாமை அன்றைக்கே குப்பையில் எறியத்தான் நினைத்தேன். டொக்டர் அம்மா முகத்தை இறுக்கிக்கொண்டு, அப்படிச் செய்யவேண்டாம், மாதக்கணக்கில் போட்டதைத் திடீரென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம் என்றா. என்னைப் போல யாராவது இதைப் பழகியிருந்தால் இந்த ஒரு வரியை மட்டும் மனதில் வையுங்கள். எனக்குப் போட்ட திட்டம் இது: செர்ட்ராலின் 25 மில்லிகிராம், அதாவது அரைக் குளிசை, காலைச் சாப்பாட்டோடு ஒரு கிழமை. பிறகு 50. அது பிடித்த பிறகு, ஒரு மாதம் கழித்து, குளோனசெபாமை நாளுக்கு 1 மில்லிகிராமிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒரு தடவை 0.25 ஆகக் குறைப்பது. கடைசிக் கால் மில்லிகிராம்தான் இழுத்தது, அதற்கு மட்டும் ஒரு மாதம். 2024 ஜனவரியில் அந்த அட்டை ரின்னிலிருந்து போனது. இது எனக்கான கணக்கு. கூடிய அளவு எடுத்தவருக்கும் நெடுங்காலம் எடுத்தவருக்கும் இதைவிட மெதுவாகக் குறைக்க வேண்டியிருக்கும், அதை டொக்டர்தான் சொல்லவேண்டும்.

தொடங்க முன்னர் அவ கேட்ட வேறு இரண்டு விஷயங்களையும் சொல்லவேண்டும், முதல் டொக்டர் அவற்றைக் கேட்கவில்லை. எப்போதாவது நித்திரையே தேவைப்படாமல், தலைகால் தெரியாத உற்சாகத்தோடு நாட்கணக்கில் ஓடித் திரிந்ததுண்டா என்று கேட்டா. அப்படி இருந்திருந்தால் இந்த வகை மருந்தைத் தனியாகக் கொடுத்தால் அது ஆளைத் திரும்ப அந்த நிலைக்கே தூக்கிக் கொண்டுபோகலாமாம். சாக வேண்டும் என்ற எண்ணம் உண்டா என்றும் நேராகவே கேட்டா. முதல் கிழமைகளில் சிலருக்கு, முக்கியமாக 25 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, படபடப்பும் அந்த எண்ணமும் கூடலாம். அதனால் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று மனைவியை உள்ளே கூப்பிட்டுச் சொன்னா. இரவில் அப்படி ஏதும் வந்தால் கிளினிக் நாள் வரைக்கும் பொறுத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும், கதைக்க ஆள் வேண்டுமென்றால் 1926 என்ற தேசிய மனநல இலக்கத்துக்கு எடுக்கலாம் என்று கொப்பியில் எழுதித் தந்தா.

இந்தத் தடவை ஓங்காளம் வந்தது, ஆனால் புட்டோடு போட்டதால் தாங்கக்கூடியதாக இருந்தது, ஒன்பதாம் நாளளவில் போய்விட்டது. ஒரு பயிற்சிக் கொப்பியில் தினமும் இரண்டு வரி எழுதினேன்: உடம்பில் என்ன, மனதில் என்ன. இரண்டு கிழமை முடிந்தபோது உடம்பு சரி, மனதில் ஒரு மாற்றமும் இல்லை. பலர் விடுவது இந்த இடத்தில்தான். பக்கவிளைவு முதலில் வரும், பலன் பிறகு வரும், இடையில் இருக்கிற அந்தக் கிழமைகளில் மருந்து ஏமாற்றுகிற மாதிரியே இருக்கும். ஐந்தாம் கிழமையில் ஒரு நாள் கொக்குவில் ரயில் கடவையில் கதவு போட்டுவிட்டார்கள். யாழ்தேவி போகும்வரை மோட்டார்சைக்கிளில் காத்து நின்றேன். ரயில் போய், கதவு எழும்பி, பின்னால் ஒரு ஓட்டோக்காரன் ஹோன் அடித்தபோதுதான் கவனித்தேன்: நின்ற நேரம் முழுக்க நான் நாடித்துடிப்பை எண்ணவில்லை. ஒன்றரை வருடமாக, எங்கே நின்றாலும் இடது மணிக்கட்டில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தவன்.

இனி ஆளை மாற்றும் கதை. மாமி சொன்னது முழுப் பொய்யுமில்லை, அதனால் இதைச் சுருக்கமாகச் சொல்லித் தப்பமுடியாது. 50 மில்லிகிராமில் நான் வேறு ஆளாகவில்லை. மனைவியின் வார்த்தையில் சொன்னால், "அப்பா இருக்கேக்க இருந்த மாதிரி இருக்கிறீங்கள்." அதே கோபம் வரும், அதே பகிடி விடுவேன், அதே சோம்பல். ஆனால் மிச்சப் பயம் போகட்டும் என்று 2024 பெப்ரவரியில் 100 ஆகக் கூட்டினார்கள். பயம் போனது. அதோடு வேறும் ஏதோ போனது. நெருங்கிய சிநேகிதனின் தாயின் செத்தவீட்டில் எல்லோரும் அழ, நான் பந்தல் கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மாவின் கையால் எத்தனை தரம் சாப்பிட்டிருப்பேன்! கவலை இருக்கிறது என்று தெரிந்தது, ஆனால் அது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றது. மாணவன் ஒருவனுக்கு மூன்று ஏ வந்தபோதும் அதே தான். இன்னொன்றும் இருந்தது, இதைப் பற்றி யாழ்ப்பாணத்தில் ஆம்பிளையள் வாய் திறப்பதில்லை. தாம்பத்தியத்தில் ஆசை குறைந்தது, முடிவுக்கு வர மிகவும் நேரமெடுத்தது. வயது என்று நினைத்து இரண்டு மாதம் பேசாமல் இருந்தேன். மனைவி அது தன்னில் விருப்பமில்லாமல் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் அழுதிருக்கிறா.

கிளினிக்கில் இரண்டையும் சொன்னபோது டொக்டர் அம்மா ஆச்சரியப்படவே இல்லை. இந்த வகை மருந்தில் இவை இரண்டும் அடிக்கடி வருபவை, அளவோடு சேர்ந்தவை, அளவைக் குறைத்தாலோ மருந்தை மாற்றினாலோ பெரும்பாலும் சரியாகிவிடும் என்றா. திரும்ப 50 ஆக்கி மூன்று கிழமையில் எனக்கு உணர்ச்சி, ஆசை இரண்டும் திரும்பின. அழுதேன் என்பதற்காகச் சந்தோசப்பட்ட ஆள் நானாகத்தான் இருப்பேன். அதனால் "குணமே மாறாது" என்று அடித்துச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. குணம் மாறவில்லை, ஆனால் உணர்ச்சியின் ஒலியளவு குறையலாம். குறைந்தால் அது சரிசெய்யக்கூடிய பக்கவிளைவு, தலைவிதி அல்ல. சொல்லாமல் இருந்தால் மட்டும் அப்படியே இருக்கும்.

கடைசி முட்டாள்தனம் 2024 ஜூலையில். நன்றாக இருந்தேன், இனி ஏன் என்று நானாகவே நிப்பாட்டினேன். மூன்றாம் நாள் தலை சுற்றியது. கண்ணைப் பக்கவாட்டில் திருப்பும்போது மண்டைக்குள் சின்னக் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு. இரவெல்லாம் வண்ணவண்ணமாகக் கனவு, காலையில் காரணமில்லாமல் எரிச்சல். மாமியின் சொல் காதில் ஒலித்தது: தொடங்கினா விடேலாது. ஐந்தாம் நாள் கிளினிக்கில் போய், "நான் இதுக்கும் அடிமையாகிட்டன்" என்றேன். டொக்டர் அம்மா சிரித்தா. உடம்பு பழகிய மருந்தைத் திடீரென்று இழுத்தால் உடம்பு தடுமாறும், அது உடம்பின் பழக்கம். போதைக்கு அடிமையாவது என்பது அதையே மனம் தேடுவது, அளவு ஏறிக்கொண்டே போவது, கெடுதல் என்று தெரிந்தும் விடமுடியாமல் இருப்பது. எனக்கு அவற்றில் எது இருந்தது? ஒன்றும் இல்லை. பெயர் எதுவானாலும் அந்தத் தடுமாற்றம் உண்மையானது, சிலருக்குக் கடுமையாகவும் கிழமைக்கணக்கிலும் இருக்கும் என்பதையும் அவ மறைக்கவில்லை.

அன்றைக்கு அவ கற்றுத்தந்த ஒரு வித்தியாசம் எனக்குப் பெரிய உதவி. நிப்பாட்டிய சில நாட்களுக்குள், முன்பு இல்லாத புது உடம்புக் குணங்குறிகள் வந்தால், தலைச்சுற்று, அந்தக் கரண்ட் வெட்டு மாதிரி, அது பெரும்பாலும் மருந்தை இழுத்ததன் தடுமாற்றம். திரும்பப் போட்டால் ஓரிரு நாளில் அடங்கும். எனக்கு இரண்டாம் நாள் அடங்கியது. பழைய வருத்தம் திரும்புவது அப்படியல்ல. அது கிழமைகளாக, மாதங்களாக ஊர்ந்து வரும், வரும்போது பழைய முகத்தோடுதான் வரும். எனக்கென்றால் நாடித்துடிப்பு எண்ணுவது தொடங்கும்.

"சீனி வருத்தத்துக்குக் குளிசை போடுவது மாதிரித்தானே" என்று ஆறுதல் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பிடிக்காது. அது சாகும்வரை போடவேண்டும் என்ற பயத்தைத்தான் கூட்டுகிறது. பலருக்கு அப்படியில்லை. முதல் தடவையென்றால் நன்றாக வந்த பிறகு குறைந்தது ஆறு மாதம், பதகளிப்புக்கு ஒரு வருடமளவில், பிறகு மெதுவாக இறங்கலாம். திரும்பத் திரும்ப வந்தவர்களுக்குத்தான் நீண்ட காலம். நான் 2025 ஏப்ரலில், டொக்டர் அம்மா சொன்னபடி, பரீட்சை வகுப்பு நெருக்கடி இல்லாத மாதமாகப் பார்த்து இறங்கத் தொடங்கினேன். 50 இலிருந்து 25, ஆறு கிழமை. பிறகு கால் குளிசை, ஒரு மாதம். குளிசை வெட்டும் சின்னப் பெட்டி பாமசியில் விற்கிறார்கள், சவர அலகால் வெட்டப்போய் விரலை வெட்டாதீர்கள். இரண்டு நாள் கொஞ்சம் தலைச்சுற்று. அதோடு முடிந்தது.

போன மாதம் மாமி வந்தா. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த ஒரு மருந்துத் துண்டை அவிழ்த்து மேசையில் வைத்தா. மச்சாளுக்காம், மூன்று மாதமாக நித்திரையில்லையாம், சாப்பாடு இறங்குதில்லையாம். "உனக்குத்தானே உது தெரியும், பார்" என்றா. துண்டில் இரண்டு குளிசை. நான் பேனையை எடுத்து இரண்டாவதன் கீழே ஒரு கோடு போட்டேன். "மாமி, நாளைக்கு மச்சாளோட நானும் வாறன். இது எத்தனை நாளுக்கு எண்டு டொக்டரிட்டக் கேட்கவேணும்."